நேசரிப் பட்டமளிப்பில் பெற்றோர் சார்பில் பேசுவது: என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து முன்பள்ளியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். இரண்டு பேருடைய விழாவிலும் பெற்றோர் உரை என் தலையில் விழுந்தது. முதல் தரம் பிழைத்துப்போனது. இரண்டாம் தரம் ஒருவாறு சரிவந்தது. அதன்பிறகு கார்த்திகை பிறந்தால் போதும், யாராவது ஒருவர் தொலைபேசியில் வந்துவிடுவார். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ரீச்சர் கோல் எடுத்து, 'இந்தமுறை நீங்கள்தான் கதைக்கோணும்' எண்டு சொல்லிப்போட்டா. எவ்வளவு நேரம் கதைக்கிறது, அக்கா?"

மூன்று நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

விழா எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் உரை, பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் எல்லாம் போய்த்தான் பெற்றோர் உரை வரும். பெரும்பாலும் சான்றிதழ் கொடுப்பதற்குச் சற்று முன்னர் வைப்பார்கள். அந்நேரம் பிள்ளைகள் அங்கியும் தொப்பியும் போட்டு வரிசையில் நிற்பார்கள், இல்லையென்றால் முன் கதிரைகளில் வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். தொப்பியின் இலாஸ்டிக் நாடியை வெட்டும். குஞ்சம் கண்ணுக்குள் விழும்.

நான் முதல் தரம் ஒன்பது நிமிடம் பேசினேன். ஏழாவது நிமிடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, "அம்மா, இவ முடிச்சிட்டாவோ?" என்று கேட்டான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு தாளைத் திருப்பினேன். அந்தத் தாளில் எழுதியிருந்த எதுவும் இன்று எனக்கு நினைவில்லை. அவன் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

நிறுத்தி, நிதானமாக, சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 230 முதல் 260 சொற்கள் வரை போதும். சாதாரணக் கொப்பித் தாளில் ஒன்றரைப் பக்கம். வீட்டில் வாசித்து நேரம் பார்க்கும்போது இரண்டரை நிமிடம் வந்தால் சரி. மேடையில் மிச்ச அரை நிமிடத்தை மைக்கும் கைதட்டலும் எடுத்துக்கொள்ளும்.

"மேடையில இருக்கிற எல்லாரையும் பேர் சொல்லி விளிக்கோணுமோ?"

வேண்டாம். மேடையில் ஏழு பேர் இருந்து, ஒவ்வொருவரையும் பதவியோடும் "மதிப்புக்குரிய" என்ற அடைமொழியோடும் விளித்தால் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். வரவேற்புரை செய்தவர் அதை ஏற்கெனவே ஆறுதலாகச் செய்து முடித்திருப்பார். அதிலும் பட்டியல் என்று தொடங்கினால் ஒருவரைத் தவற விடுவீர்கள். பிறகு அது ஊருக்குள் ஒரு வருடத்துக்கு ஓடும்.

"மேடையில் இருக்கிற பெரியவர்களே" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். குருக்களோ பாதரோ வந்திருந்தால் அவர்களை மட்டும் முதலில் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் அது மரியாதை, விடக்கூடாது. அடுத்தது ரீச்சர்மார், பெற்றோர், அம்மம்மா அப்பப்பாமார், கடைசியில் பிள்ளைகள். பிள்ளைகளை விளிக்கும்போது அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் உங்களைக் கவனிப்பார்கள்.

"என்னத்தைச் சொல்லுறது? யோசிச்சுப் பாத்தா எல்லாம் சாதாரணமாக் கிடக்கு."

சாதாரணமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது ஒன்றாகவும், கண்ணால் கண்டதாகவும் இருக்க வேண்டும்.

எழுத உட்காரும் எல்லோரும் முதலில் கல்வியின் பெருமையைத்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த வசனங்களை எந்தப் பள்ளிக்கூடத்து மேடையிலும், எந்த வருடத்திலும் வாசிக்கலாம். ஆகவே உங்கள் பிள்ளையின் ரீச்சருக்கு அதில் எடுத்துப் போக ஒன்றும் இராது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். முன்பள்ளிக் கேற்றடியை நினைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் அந்த இடத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்தது? இப்போது கார்த்திகையில் அதே இடத்தில் என்ன செய்கிறது? இடம் மாறக்கூடாது, பொருளும் மாறக்கூடாது, பிள்ளை மட்டும் மாறியிருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலாக இருக்கலாம், சாப்பாட்டுப் பெட்டியாக இருக்கலாம், கேற்றின் கொழுக்கியாகவும் இருக்கலாம். தை மாதம் எட்டாத கொழுக்கி இப்போது எட்டுகிறது என்றால் அதுவே ஒரு உரைக்குப் போதும்.

எதுவும் தோன்றவில்லையென்றால் இரண்டு வேலை செய்யுங்கள். ஒருநாள் கால்மணி நேரம் வெள்ளனப் போய், பிள்ளைக்குத் தெரியாமல் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். மற்றது, வேறு இரண்டு மூன்று அம்மாமாருக்குக் கோல் எடுத்து, "ரீச்சர் செய்ததில உங்களுக்கு நினைப்பிருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். நீங்கள் பேசப்போவது எல்லாப் பெற்றோருக்காகவும். அவர்களிடமிருந்து ஒரு சிறு விசயமாவது உரைக்குள் வந்தால், அன்றைக்கு அவர்களும் தாங்கள் பேசியது போலத்தான் உணர்வார்கள்.

"செந்தமிழில எழுதுறதோ, எங்கட கதையிலயோ?"

விளிப்பது மேடைத் தமிழில் இருக்கட்டும். கதை வந்ததும் வீட்டில் கதைக்கிறமாதிரிக் கதையுங்கள். "எனது மகளானவள் காலணியினை மாற்றி அணிந்தாள்" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்காது, அம்மம்மாவுக்குச் சிரிப்பு வரும். எழுதும்போதே "எண்டு", "கீறி", "கேற்றடி" என்று எழுதிவிடுங்கள். செந்தமிழில் எழுதி வைத்து மேடையில் மாற்றலாம் என்று நினைத்தால், பதற்றத்தில் எழுத்தைத்தான் வாய் பின்பற்றும்.

"ஒருக்கா முழுசா எழுதிக் காட்டுங்கோவன், அக்கா."

போன வருடம் உரும்பிராயிலிருந்து ஒரு தங்கச்சி கதைத்தார். அவருடைய முதல் எழுத்து நான்கு பக்கம். "கல்வி என்பது மனித வாழ்வின் அத்திவாரம்" என்று தொடங்கி, அரசாங்கம் முன்பள்ளிகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது வரை போயிருந்தது. வாசித்துவிட்டு, "இதில உங்கட மகள் எங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? செருப்பு மாத்திப் போடுறவ, இப்ப சரியாப் போடுறா. ரீச்சர் அதுக்குள்ள ஒரு படம் கீறினவ" என்றார். நான்கு பக்கத்தையும் மூடி வைக்கச் சொன்னேன். அவருடைய சம்மதத்தோடு, கடைசியில் வந்ததைத் தருகிறேன்.

> வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களே, ரீச்சர்மாரே, அம்மா அப்பாமாரே, அம்மம்மா அப்பப்பாமாரே, கறுத்தத் தொப்பியோட முன்னுக்கு இருக்கிற எங்கட செல்லங்களே!
>
> நான் ஒரு சோடிச் செருப்பைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.
>
> தை மாதம் இந்த வாசல்ல இருபத்திரண்டு சோடிச் செருப்புக் கிடந்தது. அரைவாசி கவிண்டு கிடக்கும். எங்கட மகள் இடதை வலதில போட்டுக்கொண்டு தாரா மாதிரி நடந்து வருவா. நான் ஒவ்வொரு நாளும் கேற்றடியில குந்தி இருந்து, "இது பிழை, இது பிழை" எண்டு சொல்லிச் சொல்லி மாத்திப் போட்டு விடுவன்.
>
> ஒருநாள் செருப்புக்குள்ள பாத்தா ஒரு வண்ணத்துப்பூச்சி. பாதி இந்தச் செருப்பில, பாதி மற்றதில. ரீச்சர் பேனையால கீறி விட்டிருக்கிறா. ரெண்டையும் சரியா வச்சாப் பூச்சி சேரும். மாறி வச்சா செட்டை ரெண்டும் உள்ளுக்கு வந்திடும். பிழையெண்டு ஒருதரும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கே தெரியும்.
>
> பிறகுதான் மற்றச் செருப்புகளைப் பாத்தன். ஒண்டில மீன். ஒண்டில பப்பாசிப்பழம். ஒண்டில பஸ். ரீச்சர், இதெல்லாம் எப்ப இருந்து கீறினீங்கள்? நாங்கள் ஒருதரும் காணேல்லையே.
>
> போன கிழமை நான் கொஞ்சம் வெள்ளன வந்திட்டன். ஒரு குட்டித் தம்பி வாசல்ல நிண்டு அழுறான். எங்கட மகள் குந்தி இருந்து, அவன்ர செருப்பை மாத்தி வச்சு, "பார், இப்ப மீன் வந்திட்டுது" எண்டு சொல்லுறா.
>
> பிழையெண்டு அவ சொல்லேல்லை.
>
> அதை உங்களிட்டத்தான் பழகினவ, ரீச்சர். மழைக்குள்ள அந்தச் செருப்பெல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்து வச்சது ஆயாம்மா. உங்கள் ரெண்டு பேருக்கும் எங்கட எல்லா வீடுகளின்ரயும் நன்றி.
>
> செல்லங்களே, இனிப் பெரிய பள்ளிக்கூடத்தில நீங்கள் சப்பாத்துப் போடப் போறியள். அதுக்குள்ளயும் படம் வேணுமெண்டா சொல்லுங்கோ, நாங்கள் கீறித் தாறம். இப்ப எல்லாரும் குனிஞ்சு காலைப் பாருங்கோ. சரியான காலிலதானே போட்டிருக்கிறியள்?
>
> அப்ப சரி. நடவுங்கோ.

இதில் "அன்பு", "தியாகம்", "பொறுமை" என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த ரீச்சர் பொறுமையானவர் என்பதை இருபத்திரண்டு சோடிச் செருப்பு சொல்லிவிடுகிறது. தாய் இரண்டு தரம் சொன்ன "பிழை" என்ற சொல்லைப் பிள்ளை சொல்லவில்லை என்று வரும் இடத்தில்தான் உரை திரும்புகிறது. அந்த ஒற்றை வரிக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தினார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சியது மைக்கில் கேட்டதாம்.

"சரியான காலிலதானே" என்று கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் குனிந்தார்கள். நான்கு தொப்பி கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் சான்றிதழுக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ர பிள்ளையைப் பற்றி மட்டும் சொன்னா மற்றவையள் என்ன நினைப்பினம்?"

உங்கள் பிள்ளையின் கெட்டித்தனத்தைச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். "எங்கட மகன் நூறு வரைக்கும் எண்ணுவான்" என்று சொன்னால், எண்ணாத பிள்ளையின் தாய் அன்று இரவு தன் பிள்ளையை உட்கார வைத்து எண்ண விடுவாள். தடுமாறியதைச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையும் தடுமாறியதுதான், ஆகவே கேட்பவர்கள் தங்கள் பிள்ளையைத்தான் நினைப்பார்கள்.

அதுவும் தன் பிள்ளையைப் பற்றி மட்டும்தான். மற்றப் பிள்ளைகளின் பெயரைக் குறை சொல்லும் இடத்தில் வைக்க வேண்டாம், பகிடிக்குக்கூட வேண்டாம். உங்கள் பிள்ளையைப் பற்றியும் சலம் போனது, சத்தி எடுத்தது போன்றவற்றைத் தவிருங்கள். இன்றைக்கு இங்கே இருக்கிற அரைவாசிப் பேர் வருகிற தவணையில் ஒரே பள்ளிக்கூடத்துத் தரம் 1இல் இருப்பார்கள். கால்கோள் விழா அன்றே அது பட்டப்பெயராகிவிடும்.

முதல்நாள் இரவு பிள்ளையிடம் கேட்டும் விடுங்கள்: "நாளைக்கு நான் செருப்புக் கதை சொல்லட்டோ?" வேண்டாம் என்றால் வேறொன்று எடுங்கள். எங்கள் இளையவன் ஒரு கதைக்கு மாட்டேன் என்றான், மற்றதற்கு ஓம் என்றான். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"ரீச்சரை 'இரண்டாவது தாய்' எண்டு சொன்னா நல்லா இருக்குமெல்லோ?"

அதைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், அவருக்கும் பழகிப்போயிருக்கும். அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். யாரும் காணவில்லை என்று அவர் நினைத்திருக்கக்கூடிய ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. முன்பள்ளி ரீச்சர்மார் வாங்குகிற கொடுப்பனவு எவ்வளவு சின்னது என்பது மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை மேடையில் எடுக்காதீர்கள். விருந்தினர் முன்னால் அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

உதவி ரீச்சர், ஆயாம்மா, தாய்மார் முறைவைத்துக் கௌப்பி அவித்துக் கொண்டுவரும் இடமென்றால் அவர்கள், இவர்களில் ஒருவராவது உரைக்குள் வரவேண்டும். மற்ற எல்லோருக்கும் நன்றி சொல்ல நன்றியுரை என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதைச் சொல்பவருடைய வேலையை நீங்கள் எடுக்க வேண்டாம்.

"எனக்கு இப்பவே தொண்டை அடைக்குது. மேடையில அழுதிட்டா?"

அழுகை எங்கே வரும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். சத்தமாக மூன்று தரம் வாசியுங்கள். மூன்று தரமும் ஒரே இடத்தில்தான் குரல் உடையும். பெரும்பாலும் பிள்ளை வளர்ந்ததைச் சொல்லும் வரி அது. அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போடுங்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, தாளைப் பார்த்து, மூக்கால் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, வரியைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். உயர்ந்த குரலில் சொன்னால் உடையும். அந்நேரம் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டாம். பின்சுவரில் தொங்குகிற சோடனையைப் பாருங்கள்.

பெரியவர்கள் அழுதால் பிள்ளைகள் பயப்படுவார்கள். அதனால்தான் சிரிப்பு வரும் ஒரு வரியை அதற்குக் கிட்டவே வைக்கச் சொல்கிறேன். செருப்பு உரையில் "மீன் வந்திட்டுது" அந்த வேலையைச் செய்தது. அப்படியும் கண்ணீர் வந்துவிட்டால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அதுவே இன்னொரு உரையாகிவிடும்.

"அவர் வெளிநாட்டில. வீடியோவில பாப்பார். அவரைப் பற்றிச் சொல்லலாமோ?"

ஒரு வரி சொல்லலாம், ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் என்று இல்லாமல். அந்த மண்டபத்தில் தகப்பன் கனடாவில் இருக்கும் பிள்ளையும் இருக்கும், தகப்பனே இல்லாத பிள்ளையும் இருக்கும். "இங்க வர ஏலாமல், தூர இருந்து நித்திரை முழிச்சுப் பாக்கிறவையளுக்கும் வணக்கம்" என்று பொதுவாகச் சொன்னால் போதும். நித்திரை முழிப்பதும் உண்மைதான். மார்கழியில் எங்களுக்குக் காலை 9 மணி என்றால் லண்டனில் விடிய 3.30, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 10.30. போனை யாரிடமாவது கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

"மைக்கைப் பற்றி ஏதும்?"

வாயிலிருந்து நான்கு விரல் இடைவெளி. தட்டிப் பார்க்க வேண்டாம், ஊத வேண்டாம். கீச்சிட்டால் பெட்டிக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், ஓரடி பின்னுக்குப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் மைக்கைவிட மழைதான் பிரச்சினை. கார்த்திகை, மார்கழி மாரி நேரம் தகரக் கூரைக்குக் கீழே மழை பிடித்தால் எந்தப் பெட்டியும் எடுபடாது. அப்படி வந்தால் கத்த வேண்டாம். மைக்கை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப் போய், கதையை மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்கள் பிறகு கேட்டுக்கொள்வார்கள்.

"போனைப் பாத்து வாசிக்கலாமோ?"

தாள்தான் நல்லது. போனில் நடுவில் கோல் வரும், வெளிச்சம் அணையும். கை நடுங்கினால் தாளுக்குப் பின்னால் ஒரு மட்டையை வைத்துப் பிடியுங்கள், சத்தம் வராது.

"கடைசியில பிள்ளையளிட்ட என்ன சொல்லி முடிக்கிறது?"

அறிவுரை சொல்ல வேண்டாம். டொக்டர், என்ஜினியர் ஆகச் சொல்லவும் வேண்டாம். அவர்கள் உடனே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள், இல்லையென்றால் "ஓம்" என்று மட்டுமே பதில் வரக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். காலைப் பார், ரீச்சருக்குக் கைகாட்டு, பக்கத்தில் இருக்கிறவரின் தொப்பியைச் சரியாக்கி விடு. அது நடக்கிற சத்தத்துக்குள் நீங்கள் இறங்கிவிடலாம்.

கேள்வியை மட்டும் யோசித்துத் தெரியுங்கள். நான் இருந்த ஒரு விழாவில் பேசிய அப்பா ஒருவர், நல்ல உற்சாகத்தில், "என்ன செல்லங்கள், பெரிய பள்ளிக்கூடம் போக எல்லாருக்கும் விருப்பம்தானே?" என்று கேட்டார். ஒரு பிள்ளை "இல்லை" என்றது. பக்கத்தில் இருந்த பிள்ளையும் "இல்லை" என்றது. பிறகு ஒன்று ஒன்றாக முதல் வரிசை முழுக்க அழத் தொடங்கிவிட்டது. ரீச்சர் ஓடிவந்து எல்லோரையும் கட்டிப்பிடித்து, அழுகை நிற்பதற்குக் கேக்கை முதலே வெட்ட வேண்டி வந்தது. அந்த வருடத்துச் சான்றிதழ்ப் படங்களில் எல்லாப் பிள்ளையின் வாயிலும் ஐசிங்.